சமையற்கட்டின் சத்தம்

 

ஓட்டல் சமையற்கட்டில் ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டால், மாஸ்டர் கோபக்காரர் என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்று அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது, யார் தலையில் போய் விழுகிறது என்று பார்ப்போம்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய நடுத்தர டிபன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லில் ஒரே நேரத்தில் நான்கு தோசை வார்க்கலாம். தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் துடைத்து, மாவு ஊற்றி, எண்ணெய் விட்டு எடுக்க ஓர் ஈடுக்கு 3 நிமிடம். மணிக்கு 20 ஈடு, 80 தோசை. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் 100 தோசை கேட்டால், 20 பாக்கி நிற்கும். அதை முடிக்க இன்னும் 15 நிமிடம் வேண்டும். சப்ளையர் கத்தினாலும், கல்லாவில் இருப்பவர் கத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அவசரத்தில் நெருப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? கல் அதிகம் காய்ந்துவிட்டால் மாவு பரவாது. கரண்டியோடு சுருண்டு வரும். மறுபடி தண்ணீர் தெளித்துக் கல்லை ஆற்ற வேண்டும். ஒரு ஈடு வீணாகும். அதட்டல் வேலையை விரைவாக்குவதில்லை, தாமதமாக்குகிறது.

அடுத்தது வெப்பம். வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிரும். பக்கத்திலேயே இட்லி கொப்பரையின் ஆவி காற்றை ஈரமாக்கினால், வியர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அடுப்பு நெருப்பு அலையும் என்று மின்விசிறி போடமாட்டார்கள். புகைபோக்கி விசிறி ஓடுகிறதே என்பார்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இருந்தால்தான் அது வேலை செய்யும். பின்கதவைச் சற்றே திறந்து, அந்த இடுக்கில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது வெடுக்கென்று உள்பக்கம் இழுபட்டால், அந்த அறை மூச்சுக்குத் தவிக்கிறது என்று பொருள்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவருக்கு அந்தப் பழக்கத்தில் கணிசமான பகுதி போயிருக்கும். ஆகவே புதிதாகச் சேர்ந்தவரும் விடுப்பு முடிந்து வந்தவரும்தான் முதல் சில நாட்களில் விழுகிறார்கள். விழுவதற்கு முன் அடையாளம் உண்டு: சொன்னது காதில் ஏறாது, பதில் மாறி வரும், நடை தடுமாறும். அந்த நேரத்தில் அவருக்குக் கிடைப்பது என்ன? “காது செவிடாடா?” என்ற வசவு. நோயின் அறிகுறி அங்கே திமிராகப் படிக்கப்படுகிறது. செய்ய வேண்டியது வேறு: உடனே வெளியே கொண்டுவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இப்போது சத்தம் இறங்கும் வழியைப் பாருங்கள். சாப்பிட வந்தவர் சப்ளையரைத் திட்டுகிறார். சப்ளையர் மாஸ்டரிடம் கத்துகிறார். மாஸ்டர் கிளீனரைத் திட்டுகிறார். பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நிற்பவருக்குக் கீழே யாரும் இல்லை. அங்கே நம் பிள்ளைகளையும், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளையும் பார்க்கிறோம். படிப்படியாக இறங்கிவந்த வசவு அந்தக் கடைசிப் படியில் சாதிப் பெயராக மாறுவதும் உண்டு.

சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கட்டடத்தின் நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது நடந்தது அதில் அடங்காது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமையற்கட்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே நிற்கும் சுவர் புகையை மட்டுமா மறைக்கிறது? வழக்கு அங்கேதான் முட்டி நிற்கும்.

ஆகவே தொழிலாளரிடம் பேசும்போது இரண்டைக் கேளுங்கள். ஒன்று, வாய்ச்சொல்லுக்குப் பதில் வரிசை எண் போட்ட ஆர்டர் சீட்டு. “கால் மணி நேரம் ஆகும்” என்று சாப்பிட வந்தவரிடம் முதலிலேயே சொல்லும் உரிமையும் அதில் சேரும். இரண்டு, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், போய்வர ஒரு கழிப்பறை, புதியவருக்கும் ஊரிலிருந்து திரும்பியவருக்கும் முதல் சில நாள் அடுப்பருகே குறைந்த நேரம். கழிப்பறை இல்லாத கடையில் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள்.

சாதி வசவு நடந்தால், அன்றே எழுதி வையுங்கள்: தேதி, மணி, சொன்ன சொல் அப்படியே, அப்போது கேட்கும் தொலைவில் இருந்தவர்கள் யார் யார். பார்சலுக்கு நின்றவர், காய்கறி இறக்க வந்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என்று வெளியாள் ஒருவர் கேட்டிருந்தாலும் அந்தச் சுவரில் வாசல் திறக்கும்.