கை மாறினால் கூடும் மதிப்பு

வகுப்பில் விளையாடும் ஒரு பண்டமாற்று விளையாட்டைச் சொல்கிறேன். ஆளுக்கொரு காகிதப் பையில் ஒரு பொருள். பிரித்துப் பார்த்து, தனக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதைப் பலகையில் எழுதிவிடுவார்கள்.

ஒரு பையனுக்குப் பம்பரம் வந்தது. விடத் தெரியாது, 3 போட்டான். பக்கத்துச் சிறுமிக்குப் பென்சில், 4 போட்டாள். மாற்றிக்கொண்டார்கள். இப்போது பென்சிலுக்கு அவன் 8, பம்பரத்துக்கு அவள் 7. ஏழாக இருந்த கூட்டுத்தொகை பதினைந்து! புதிதாக ஒரு பொருளும் வரவில்லை, கை மட்டும்தான் மாறியது. இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படாமல் பிள்ளைகளை யோசிக்க விட வேண்டும்.

சற்று நேரத்தில் அவன் முகம் வாடியது. பென்சிலைச் சீவச் சீவ முனை உதிர்கிறது, உள்ளே உடைந்திருக்கிறது. எட்டை அடித்து 2 என்று எழுதினான். மாற்றுவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு! நியாயமில்லாத பேரம் இப்படித்தான் பலகையில் தெரியும்: ஒருவர் எண் ஏறும், மற்றவர் எண் இறங்கும்.

அடுத்த சுற்றுக்கு அந்த வகுப்பே இரண்டு விதி போட்டது. பொருளைச் சோதித்துப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லலாம், யாரும் கோபிக்கக் கூடாது. மிட்டாய் வைத்திருந்தவளிடம் மூன்று பேர் வந்து கேட்டார்கள். அவள் மூவருக்கும் தலையாட்டி மறுத்துவிட்டாள். அவள் போட்டிருந்தது 10.