இரண்டு அம்புக்குறி

தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போடுகிறார். அதற்குள் காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் குவிந்து அதை மேலே தள்ளிவிடுகின்றன.

"தேவையற்ற செய்திகளை அனுப்பாதீர்கள்" என்று அறிவிப்பு எழுதினால் பலன் இருக்காது. அனுப்புகிறவருக்கு அது தேவையான செய்திதானே! கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளத்தை விதியாக்குங்கள். பல கை மாறி வந்த செய்தியின் மேலே இரண்டு அம்புக்குறி இருக்கும். ஆகவே இப்படி எழுதுங்கள்: "இரண்டு அம்புக்குறி உள்ள எதையும் இங்கே போட வேண்டாம். போட்டால் நிர்வாகி நீக்கிவிடுவார். யார் மீதும் கோபம் இல்லை. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், அவசர உதவி, இவற்றுக்கு மட்டுமே இந்தக் குழு."

இவ்வளவு போதும். பத்து விதி போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். ஆனால் நகலெடுத்து ஒட்டிய செய்தியில் அம்புக்குறி வராது. அதைப் பிடிக்கத்தான் அறிவிப்பின் கடைசி வரி.

அறிவிப்பைச் செய்தியாக மட்டும் போட்டால் அதுவும் மேலே போய்விடும். குழுவின் விவரப் பகுதியிலும் எழுதிவையுங்கள். புதிதாகச் சேருகிறவர் அங்கே பார்த்துக்கொள்வார். அறிவிப்புச் செய்தியைப் பின் செய்தும் வைக்கலாம். அது அதிகபட்சம் 30 நாள் நிற்கும், பிறகு மறுபடி செய்ய வேண்டும்.