போடி மலைப் புடவுல கட்டம், கறை, கையைத் தூக்கின மனுஷன்

போடிநாயக்கனூர்ல இருந்து ஒரு லிஸ்னர் வாட்ஸ்அப்ல போட்டோக்கள் அனுப்பியிருந்தார். குரங்கணிக்கு மேல, ஏலத்தோட்டத்தை ஒட்டி ஒரு புடவு. உள் சுவர்ல சிவப்பா பட்டைகள், ஏணி மாதிரி ஒரு கட்டம், வெள்ளையா ஒரு சின்ன உருவம், பக்கத்துல யாரோ கீறின இனிஷியல். "ஆதிமனுஷன் வரைஞ்சதா ப்ரோ? லொகேஷனோட இன்ஸ்டால போடலாமா?"ன்னு கேள்வி.

போடாதீங்கன்னு முதல்ல சொன்னேன். நீலகிரியில கரிக்கியூர் ஓவியங்கள் மேல மலையேற வந்தவங்க பேர் எழுதி வெச்ச கதை நமக்குத் தெரியும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்தோம்.

ஏணியில ஆரம்பிக்கலாம், ஏன்னா அது என் ஏரியா. அந்தப் போட்டோ DStretch-ல ஓட்டினது. ஜான் ஹார்மன் எழுதின மென்பொருள், பாறை ஓவியம் தேடுறவங்க உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துறாங்க. ஒரு பாறைப் போட்டோவுல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணாவே ஏறி இறங்கும். அதனாலதான் மங்கின காவி கண்ணுக்குத் தெரியாது. அந்த மூணுக்கும் இருக்கிற ஒட்டுறவைப் பிரிச்சு, மிச்சம் இருக்கிற துளி வித்தியாசத்தை இழுத்துப் பெருசாக்குறதுதான் இதோட வேலை. LRE மோட்ல மங்கின காவி நெருப்பு மாதிரி எரியும்.

ஆனா எது வித்தியாசமோ அதை எல்லாம் இழுக்கும். வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கும்போது JPEG படத்தை 8x8 பிக்சல் கட்டங்களா நறுக்குது. நிறத்தை இன்னும் பெரிய கட்டமா, பெரும்பாலும் 16 பிக்சலுக்கு ஒண்ணா, வெச்சுக்குது. அந்தக் கட்ட ஓரங்களும் வித்தியாசம்தானே? ஜூம் பண்ணி ஏணிப் படிகளை எண்ணினேன். சரியா 16 பிக்சலுக்கு ஒரு படி. ஒரிஜினல் ஃபைலை வாங்கித் திரும்ப ஓட்டினா ஏணியே இல்லை!

பட்டைகள் மட்டும் ஒரிஜினல்லயும் எரிஞ்சுது. இங்கதான் DStretch கை விரிக்கும். காவியும் இரும்பு ஆக்சைடு, பாறைக் கறையும் இரும்பு ஆக்சைடு. இந்தப் பக்கத்து மலைகள்ல பெரும்பாலும் சார்னோகைட். நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் பொட்டிப்புரத்துல பார்த்த மலையும் அதுதான். அதுல இரும்பு உள்ள கனிமங்கள் இருக்கு. மழைத்தண்ணி ஊறி ஊறி அது துருவா வெளிய வரும்.

அதனால நிறத்தை விட்டுட்டு அது எங்க பிறக்குதுன்னு பார்க்கணும். இந்தப் பட்டைகள் ஒவ்வொண்ணும் ஒரு விரிசல்ல தொடங்கி, கீழே போகப்போக அகலமாகி மங்குது. அது தண்ணி போன பாதை. உறுதிப்படுத்த 10 மடங்கு கைலென்ஸ் வெச்சுப் பார்க்கச் சொன்னேன். பூசின நிறம்னா பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பளிங்குக்கல் மணி, கருப்பு மணி எல்லாத்து மேலயும் ஒரே மாதிரி படிஞ்சிருக்கும். கறைன்னா கருப்பு மணிகளைச் சுத்தியும் விரிசலுக்குள்ளயும்தான் அடர்த்தியா இருக்கும். அவர் பார்த்தது ரெண்டாவது.

மிச்சம் அந்த வெள்ளை உருவம். கையைத் தூக்கின மனுஷன் மாதிரி. தமிழ்நாட்டுல வெள்ளை ஓவியம் புதுசு இல்லை. கிருஷ்ணகிரி மல்லப்பாடியில குதிரை வீரர்கள் வெள்ளையிலதான் இருக்காங்க. ஆனா வெள்ளையில ஏமாறவும் நிறைய வழி: சுண்ணாம்பு உப்புக் கசிவு, பறவை எச்சம், யாரோ அடிச்ச சுண்ணாம்பு. இந்த உருவம் மழை படாத இடத்துல இருக்கு. கோடு முழுக்க ஒரு விரல் அகலம். ஒரு விரிசலைத் தொடராம குறுக்கால தாண்டிப் போகுது. கசிவு அப்படிப் போகாது. மனுஷன் கைதான்.

சரி, எந்தக் காலத்துக் கை? அந்த இனிஷியல் உருவத்தோட காலை வெட்டிக்கிட்டுப் போகுது. கீறின பள்ளத்துல வெள்ளை இல்லை, உள்கல் பளிச்சுன்னு தெரியுது. அப்போ உருவம் இனிஷியலுக்கு முன்னாடி. அவ்வளவுதான் சொல்ல முடியும். ரெண்டாயிரம் வருஷமாவும் இருக்கலாம், தாத்தா காலத்து மாடு மேய்க்கிறவர் வரைஞ்சதாவும் இருக்கலாம். சுண்ணாம்புக்கல்லையோ வெள்ளைக் களிமண்ணையோ குழைச்சுப் பூசியிருந்தா, கார்பன் 14 முறையில வயசு பார்க்க அதுல உயிர்ப்பொருள் எதுவும் இருக்காது. மேல ஏதாவது கனிமப் படலம் படிஞ்சிருந்தா அதை ஆய்வகத்துல பார்க்கலாம், போட்டோவுல தெரியாது.

அவர் அடுத்து கேட்டது: "தண்ணி தெளிச்சா பளிச்சுன்னு தெரியும்ல?" தெரியும். காயும்போது உப்பு வெளிய வந்து வெள்ளைத் திரை கட்டும், நிறமும் உதிரும். தொடவே வேண்டாம். பக்கத்துல ஸ்கேல் பிடிச்சு, சுவருக்கு நேரா நின்னு எடுத்த ஒரிஜினல் ஃபைலை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க, அப்பத்தான் சுருங்காது. ஆனா லொகேஷனும் கூடவே போயிடும், அதனால க்ரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.