வெள்ளைத் திரையும் வெள்ளை அங்கியும்: ஒரு நாடகத்தின் நிறங்களை அளந்து வாசித்தல்



நாம் கொடிகளைப் பார்த்துப் பழகியவர்கள். நீலம், கறுப்பு, சிவப்பு என்று மேடையில் ஏதாவதொரு நிறம் தெரிந்தால் உடனே அதற்கு ஓர் அரசியலைப் பொருத்திவிடுகிறோம். கூட்டத்தில் அது சரி, கொடி அதற்காகத்தான் இருக்கிறது. நாடகத்தில் நிறம் அப்படி வேலை செய்வதில்லை. அங்கே அதன் பொருளை அந்த நாடகமே தயாரிக்க வேண்டும். எப்படித் தயாரிக்கிறது என்பதை ஒரே ஒரு நாடகத்தை வைத்துப் பார்க்கலாம்.

ஏட்ரியன் கென்னடி என்ற கறுப்பினப் பெண் எழுதிய 'ஃபன்னிஹவுஸ் ஆஃப் எ நீக்ரோ' 1964 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. சாரா என்ற கறுப்பினக் கல்லூரி மாணவி ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். அவளுடைய தாய் வெளிர்நிறம், நேரான தலைமுடி. தந்தை கருத்தவர். அந்தக் கருமையைத் தன் உடம்பிலிருந்து எப்படியாவது நீக்கிவிட வேண்டும் என்பதே அவளுடைய நோய். அவளுக்குள் நான்கு பேர் வாழ்கிறார்கள்: விக்டோரியா மகாராணி, ஹாப்ஸ்பர்க் கோமகள், இயேசு, 1961இல் கொல்லப்பட்ட காங்கோ தலைவர் பாட்ரிஸ் லுமும்பா. நால்வரும் மேடையில் நடமாடுகிறார்கள். கடைசியில் சாரா தூக்கில் தொங்குகிறாள்.

இதைப் படிக்கும் மாணவர் முதலில் எழுதும் வரி எதுவாக இருக்கும்? 'ராணி வெள்ளை அங்கி அணிந்திருக்கிறாள், ஆகவே வெள்ளை என்பது காலனி ஆதிக்கம்.' இந்த வரி தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு ஆதாரமாக இருப்பது ஒரே ஓர் அங்கி. 'அரசிகள் விழாக்களில் வெள்ளை உடுத்துவது வழக்கம்தானே' என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

பதில் அங்கியில் இல்லை, அங்கியின் துணியில் இருக்கிறது. நாடகம் தொடங்கும்போது மேடையை மூடியிருப்பது வெள்ளை சாட்டின் திரை. அது மலிவான துணி, மலிவான சவப்பெட்டியின் உள்விரிப்பை நினைவூட்ட வேண்டும், எலி கடித்தது போல ஆங்காங்கே பிய்ந்திருக்க வேண்டும் என்கிறது மேடைக்குறிப்பு. பிறகு ராணியும் கோமகளும் வருகிறார்கள். அவர்களுடைய அங்கியும் அதே மலிவான வெள்ளை சாட்டின்தான் என்று எழுதியிருக்கிறார் கென்னடி. திரையையும் உடையையும் ஒரே துணியில் வெட்டச் சொன்னது நாடகாசிரியர்தான். எனவே ஆடையமைப்பாளரின் ரசனை, குழுவின் பணநெருக்கடி என்று இதைத் தள்ளிவிட முடியாது. ராணி உடுத்தியிருப்பது சவப்பெட்டித் துணி என்று இப்போது நாம் துணிந்து சொல்லலாம்.

அடுத்தது ஒளி. பெண்கள் நிற்கும் இடத்தில் மட்டும் கடுமையான வெள்ளை வெளிச்சம். அது அழகாக இருக்கக் கூடாது, இயல்பாகவும் இருக்கக் கூடாது. மற்ற இடமெல்லாம் இருள். மேடையில் வேலை செய்தவர்களுக்கு இதன் கடுமை தெரியும். தூய வெள்ளைத் துணி விளக்கின் கீழ் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், தேயிலைச் சாற்றில் நனைத்தாவது அதன் வெண்மையைக் குறைப்பது வழக்கம். இந்த நாடகம் அந்தக் கூச்சத்தையே கேட்கிறது. துணி, திரை, ஒளி என்று மூன்று தனித்தனி இடங்களில் வெள்ளை அருவருப்பை நோக்கித் தள்ளப்படுகிறது.

பேச்சிலும் இது தொடர்கிறது. தன் விருப்ப வாழ்க்கையைச் சொல்லும் சாரா, வெள்ளைக் கண்ணாடி மேசையில் சாப்பிடுவதாகச் சொல்கிறாள். முடிவில், அவளுடைய தந்தை சாகவே இல்லை, வசதியாக இருக்கிறார் என்று ரேமண்ட் சொல்லும்போது அதே வெள்ளைக் கண்ணாடி மேசை மறுபடி வருகிறது. அந்த மேசை மேடையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, சொல்லில் இருந்தாலே போதும்.

இனி நம் வாசிப்புக்கு எதிரான சாட்சிகளைத் தேட வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். சாராவின் தாய் வெள்ளை இரவு உடையில் மேடையைக் கடக்கிறாள். அவள் மனம் பிறழ்ந்தவள். இயேசு வெள்ளைக் கந்தலில் வருகிறார். வெள்ளை என்றால் ஆதிக்கம் மட்டும்தான் என்றால் இவர்கள் இருவரையும் எங்கே வைப்பது? நம் ஊர்ப் பழக்கத்தில் தாயின் வெள்ளையை விதவைக் கோலம் என்று படித்துவிடும் ஆபத்தும் உண்டு. அந்த வழக்கம் இந்த நாடகத்தின் உலகத்தில் இல்லை. ஆக, நம் முடிவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே வெள்ளை ஆள்பவருடைய சொத்து அல்ல. சாரா ஏங்குகிற பொருள் அது. அதைப் போர்த்திக்கொண்டவர் யாரும் நலமாக இல்லை. ராணியின் முகத்தில் வெளிறிய முகமூடி இருக்கிறது, அல்லது கனத்த பூச்சு. ஆனால் தலையணிக்குக் கீழே சுருண்ட முடி தெரிகிறது. பிறகு அந்த முடியும் உதிர்ந்து வழுக்கை தெரிகிறது. வெள்ளையால் எதையும் மூடி வைக்க முடியவில்லை.

கறுப்பையும் இப்படியே சோதிக்கலாம். சாரா கறுப்பு உடையில், கழுத்தில் கயிற்றோடு நிற்கிறாள். 'கறுப்பு உடை என்றால் கறுப்பினம்' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அவளுடைய காதலன் ரேமண்ட் வெள்ளையன், அவனும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில்தான் வருகிறான். ஆகவே உடையின் கறுப்பைத் தோலின் கறுப்போடு சமப்படுத்த முடியாது. தோலைப் பற்றிப் பேச இந்த நாடகத்துக்கு உடையின் மறைகுறி தேவையுமில்லை. தந்தையின் கருமையைப் பாத்திரங்கள் நேரடியாகவே, திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரி கறுப்பும் சிவப்பும் கலந்த தொப்பி அணிந்திருக்கிறாள். சிவப்பு வேறு இடங்களிலும் உண்டு: சாராவின் முகத்தில் ரத்தம், காட்டுக் காட்சியில் சிவப்புச் சூரியன். தொப்பியை ரத்தத்தோடு முடிச்சுப் போட நமக்கு ஆசைதான். ஆனால் துணி ஒன்றாக இல்லை, ஒளி ஒன்றாக இல்லை, வசனம் எதுவும் அவற்றை இணைக்கவில்லை. அந்தத் தொப்பியை நாம் தொப்பியாகவே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த நாடகத்தின் ஏதோ ஒரு நிகழ்த்துதலின் புகைப்படத்தில் பின்புறம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் அதை நாடகத்தின் கூற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறு அரங்குகளில் சுவரை மறைக்க எந்த நாடகத்துக்கும் கறுப்புத் திரைதான் தொங்கும். மேடைக்குறிப்பில் உள்ளதை ஆசிரியரின் பெயரிலும், மேடையில் மட்டும் கண்டதை அந்த நிகழ்த்துதலின் பெயரிலும் எழுத வேண்டும்.

நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையின் நிறத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். மாப்பிள்ளை தேடும்போதும் 'சிவப்பு' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. சாராவின் நோய் நமக்குப் புரியாததல்ல. புரிகிறது என்பதாலேயே அவசரப்பட்டு எல்லா நிறத்தையும் நம் வலியாகப் படித்துவிடக்கூடும். அப்படிப் படித்தால், அந்தத் தொப்பி வெறும் தொப்பிதானே என்று காட்டுகிறவர் திரையையும் அங்கியையும் சேர்த்தே தள்ளிவிடுவார். தொப்பியை நாமே விட்டுக்கொடுத்துவிட்டால், சவப்பெட்டித் துணியில் வெட்டிய அந்த அங்கியை அவரால் அசைக்க முடியாது.