கடைசி ஆறு வரிகள்: மலாய் உறுதிமொழிப் பத்திரத்தை மொழிபெயர்த்தல்



சட்டப் பத்திரம் ஒன்றை மொழிபெயர்க்கத் தருவோர், பெரும்பாலும் அதன் நடுப்பகுதியையே சுட்டிக்காட்டுவர். பெயர், பிறந்த நாள், நிகழ்ந்த செய்தி ஆகியன அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அப்பத்திரத்தைப் பெறும் அயல்நாட்டு அலுவலர் முதலில் பார்ப்பது அடியிலுள்ள ஐந்தாறு வரிகளையும் முத்திரையையும்தான். யார், எப்போது, எங்கே, யார் முன்னிலையில் இதனைக் கூறினார் என்பதை அவ்வரிகளே சொல்கின்றன. இன்றைய உரை அவ்வரிகளைப் பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவில் வாழும் மூதாட்டி ஒருவர், தமிழ் மட்டுமே அறிந்தவர், கையெழுத்திடத் தெரியாதவர். அவர் மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடப்பிதழில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று மூதாட்டி மலாய் மொழிப் பத்திரம் ஒன்றில் உறுதி கூறுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் பேரன், கைப்பேசியில் வந்த அதன் படத்தை ஆங்கிலமாக்கிப் பிரிட்டனின் உள்துறை அமைச்சுக்கு அனுப்பவேண்டும்.

பத்திரத்தின் தலைப்பு ‘சூராட் அகுவான் பெர்கானூன்’. மலேசியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செய்யப்படும் சட்டமுறை உறுதிமொழி இது. நீதிமன்ற வழக்கில் தாக்கல் செய்யப்படும் ‘அஃபிடவிட்’ வேறு. பொதுப்பேச்சில் இரண்டையும் அஃபிடவிட் என்றே நாம் சொல்லிவிடுகிறோம்; அதில் தவறில்லை. மொழிபெயர்ப்பில் மட்டும் தாளில் உள்ள பெயரே வரவேண்டும். ஏனெனில் உடலில் ‘1960ஆம் ஆண்டு அகுவான் பெர்கானூன் சட்டத்தின்படி’ என்று அப்பத்திரமே தன் பிறப்பைச் சொல்லிக்கொள்கிறது. தலைப்பு ஒன்றும் உடல் வேறொன்றும் சொன்னால், ஐயம் மொழிபெயர்ப்பின்மேல்தான் விழும்.

இனிச் சான்றுப்பகுதிக்கு வருவோம். அது, மேலே பெயர் கூறப்பட்டவரால் இன்ன ஊரில், இன்ன மாநிலத்தில், இன்ன நாளில் செய்யப்பட்டு, உளமார உறுதிகூறப்பட்டது என்று தொடங்கி, ‘டி ஹடாப்பான் சாயா’ என்று முடியும். ‘என் முன்னிலையில்’ என்பது அதன் நேர்ப்பொருள். அதன் கீழே பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப்பிரமாண ஆணையர், கையொப்பமிட்டு முத்திரை பதிப்பார்.

இவ்விடத்தில் தமிழ்க் காது ஒரு வழுக்கலைச் சந்திக்கிறது. மலாயில் ‘சாக்சி’ என்றொரு சொல் உண்டு. நம் ‘சாட்சி’யும் அதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. ஆணையரின் கையொப்பத்தைக் கண்டதும் ‘சாட்சி’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அத்தாளில் ‘சாக்சி’ என்ற சொல்லே இல்லை. சாட்சி என்பவர் கையொப்பமிட்டதைக் கண்ட எவராகவும் இருக்கலாம். ஆணையரோ உறுதிமொழியைப் பெறுவதற்குச் சட்டத்தால் அதிகாரம் பெற்றவர். அவர் சொல்வதும் குறுகிய செய்தியே: இவர் என்முன் வந்தார், உறுதி கூறினார், ஒப்பமிட்டார். மகளின் பெயர் பற்றிய செய்தி மெய்யென்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பொறுப்பு மூதாட்டியுடையது. ‘ஆணையரால் உறுதிப்படுத்தப்பட்டது’ என்று மொழிபெயர்த்தால், ஆணையர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் இட்டவராவோம்.

நம் எடுத்துக்காட்டில் மேலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘இது தமிழ்மொழியில் அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது; அவர் இதனை நன்கு புரிந்துகொண்டதாகத் தோன்றியது; என் முன்னிலையில் தம் இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பதித்தார்’ என்ற பொருளில் அது அமையும். எழுதப்படிக்க அறியாதவரின் அஃபிடவிட்டுக்கு இத்தகைய சான்றை மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் கேட்கின்றன. அகுவான்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். பெரும்பாலும் சிறிய எழுத்தில், சில வேளைகளில் தனி இரப்பர் முத்திரையாகவோ கையால் எழுதியோ ஓரத்தில் இருக்கும். படமெடுப்பவர் முதலில் வெட்டிவிடுவதும் இதனைத்தான்!

அது விடுபட்டால் என்ன ஆகும்? கோப்பின் வேறோரிடத்தில் மூதாட்டி தமிழ் மட்டுமே பேசுபவர் என்றிருக்கும். இங்கே அவர் மலாய்ப் பத்திரத்தில் ரேகை வைத்திருக்கிறார். தமக்கு விளங்காத தாளில் அவர் ரேகை வைத்தாரோ என்று அலுவலர் கேட்டால், அதற்கு விடை அந்த ஒரு வாக்கியத்தில் மட்டுமே உண்டு. ஆகவே ‘ஜூருபஹாசா’ என்று ஒரு பெயர் கீழே தென்பட்டால், அவர் இத்தாளை மூதாட்டிக்குத் தமிழில் எடுத்துரைத்த மொழிபெயர்ப்பாளர். நாம் இப்போது செய்யும் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. இரு மொழிபெயர்ப்பாளரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.

அடுத்த சிக்கல் இரண்டாம் முத்திரை. படத்தில் 14 மார்ச் என்று ஒரு முத்திரையும், 2 ஏப்ரல் என்று இன்னொரு முத்திரையும் தெரிகின்றன என்று கொள்வோம். இரண்டாவதில் ‘சாலினான் டியாக்குயி சா’ என்றிருக்கிறது. ‘மெய்ப்பிக்கப்பட்ட நகல்’ என்பது அதன் பொருள். ‘டியாக்குயி’ என்ற சொல் முதற்பகுதியிலும் வந்தது. அங்கே ‘உறுதிகூறப்பட்டது’, இங்கே ‘ஏற்றுச் சான்றளிக்கப்பட்டது’. அங்கே கூறுபவர் மூதாட்டி. இங்கே கூறுபவர் நகலை மூலத்துடன் ஒப்பிட்ட அலுவலர். ஒரே சொல்லாயிற்றே என்று இரண்டையும் ஒரே தொடரால் பெயர்த்தால், மூதாட்டி இருமுறை உறுதிமொழி எடுத்தது போலாகிவிடும்.

படம் வண்ணப்படமாக இருந்தால் மை ஒரு குறிப்புத் தரும். ஆணையரின் முத்திரை கறுப்பும் சாம்பலுமாக இருந்து, நகல் முத்திரை மட்டும் நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், படமெடுக்கப்பட்டது பெரும்பாலும் ஒளிநகலே. மூலத்தாள் வேறெங்கோ இருக்கிறது. மொழிபெயர்ப்பின் தலையில் ‘நகலின் ஒளிப்படத்திலிருந்து’ என்று குறித்துவிடுவது நேர்மை. ஆனால் கறுப்பு மை முத்திரைகளும் உண்டு என்பதால், இக்குறிப்பை மட்டுமே நம்பிவிடாமல் அனுப்பியவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முத்திரையின்மேல் கையொப்பம் விழுந்து எண் மறைந்திருக்கலாம். அப்போது தெரிந்தவரை எழுதி, மறைந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் ‘தெளிவில்லை’ என்று எழுதவேண்டும். அந்த ஊர் ஆணையரின் பெயர் நமக்குத் தெரியுமே என்று நிரப்புவது மொழிபெயர்ப்பன்று. ரேகை இருக்கும் இடத்தில் ‘இடக்கைப் பெருவிரல் ரேகை’ என்றும், கையொப்பத்துக்குக் ‘கையொப்பம்’ என்றும் அடைப்புக்குள் குறிக்கவேண்டும். பெயர்களில் எழுத்துக்கூட்டலைத் திருத்தவே கூடாது. இப்பத்திரம் எழுந்ததே எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் அல்லவா? பெயரின் நடுவே வரும் ‘ஏ/பி’ என்பதையும் அப்படியே வைத்து, ‘மகள்’ என்று பொருள்படும் மலாய்ச் சுருக்கம் என அடிக்குறிப்பிடலாம். அது தெரியாத அலுவலர் அதனைப் பெயரின் பகுதியாகவே எண்ணிவிடக்கூடும்.

இறுதியாக, மொழிபெயர்ப்பாளரின் சொந்த உறுதி. இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற வாக்கியம், மொழிபெயர்த்த நாள், முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவற்றைப் பிரிட்டனின் உள்துறை அமைச்சு கேட்கிறது. இவற்றை ஒரு கோட்டின்கீழ், ஆணையரின் சான்றுப்பகுதியிலிருந்து நன்கு விலக்கி எழுதவேண்டும். மொழிபெயர்ப்பாளர் மொழிக்கு மட்டுமே பொறுப்பாளி. மூலத்தாள் மெய்யானதா என்பது அவர் சொல்லக்கூடியதன்று.

அதனைச் சொல்வோர் வேறு. சில அயல்நாட்டு அலுவலகங்கள் சத்தியப்பிரமாண ஆணையரின் ஒப்பத்தை ஏற்காமல் நோட்டரி ஒருவரின் சான்றைக் கேட்கும். மலேசியாவில் இவ்விருவரும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் நியமிக்கப்படுவோர். ஒருவர் முத்திரை மற்றவருடையதற்கு ஈடாகாது. எந்த அலுவலகம் எதனைக் கேட்கிறது என்பதைப் பேரன் முன்னரே எழுதிக் கேட்டறியவேண்டும். நோட்டரிதான் வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பை எவ்வளவு செப்பமாகச் செய்தாலும் பயனில்லை. மூதாட்டியை அழைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை செல்லவேண்டியதுதான். ஆணையரின் ஒப்பமே போதுமென்றால், தாளின் நான்கு மூலைகளும் பின்பக்கமும் தெரியும்படி புதிய படம் ஒன்றை அனுப்பச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்கலாம்.