டிஸ்பென்சரி வாங்கில் உட்கார்ந்திருக்கும் பாட்டி
(மாதர் கிளைத் தலைவிகள், தோட்டத் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்திலே தனிமையா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் காம்பராவில் தும்மினால் அந்தக் காம்பராவில் கேட்கும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். டிஸ்பென்சரி வாங்கில் வாரா வாரம் வந்து உட்காரும் ஒரு பாட்டிதான் எங்கள் நினைப்பை மாற்றினார். இன்று அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

வயது 72. கணவர் இறந்து ஆறு வருடம். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார், மகள் குவைத்தில். காசு தவறாமல் வருகிறது. பாட்டிக்குப் பிறஷர் கிளினிக் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான். ஆனால் இடைப்பட்ட வாரங்களிலும் வருவார். ஒரு வாரம் முழங்கால், அடுத்த வாரம் தலைச்சுற்று. குளிசையை வாங்கிக்கொண்டு உடனே போகமாட்டார். வாங்கிலேயே இருந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். “சும்மா வர்ற கெழவி” என்று சிலர் சொன்னதும் உண்டு.

தனிமையை அளப்பதற்கு மூன்றே கேள்விகள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செய்த பெரிய அளவுகோலின் சுருக்கம் அது. நாங்கள் நம் பேச்சில் இப்படிக் கேட்டோம்: “பேச்சுத் துணைக்கு ஆளில்லையேன்னு தோணுதா?” “நம்மள ஒதுக்கிட்டாங்களேன்னு தோணுதா?” “எல்லாரையும் விட்டுத் தனியா நிக்கிற மாதிரி இருக்கா?” ஒவ்வொன்றுக்கும் ‘அநேகமா இல்ல’ என்றால் 1, ‘சில நேரம்’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘தனிமை’ என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பிள்ளைகளைக் குறை சொல்வதாக நினைத்து, “எனக்கென்ன கொறை” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

முதல் தடவை நாங்கள் இஸ்தோப்பில் வைத்துக் கேட்டோம். பக்கத்துக் காம்பராப் பெண் வாசலில் நின்றார். மூன்றுக்கும் ‘இல்ல’. கணக்கு 3. எல்லாம் நல்லபடி என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். பிழை எங்களுடையது. அடுத்த வியாழன் டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒருவர் மட்டும் இருந்து கேட்டபோது ‘அடிக்கடி’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’ என்றார். கணக்கு 8. ஒரே பாட்டி, ஒரே வாரம்.

தனிமை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே ஓட்டை என்றும் தெரிய வேண்டும். அதற்கு லுபன் அளவுகோல் என்று ஆறு கேள்வி இருக்கிறது. சொந்தத்தில் மூன்று, சிநேகிதர் அயலாரில் அதே மூன்று: மாதம் ஒரு தடவையாவது எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் அல்லது பேசுகிறீர்கள், எத்தனை பேரிடம் மனதிலுள்ளதைச் சொல்ல முடியும், அவசரத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிட முடியும். ஒருவருமில்லை என்றால் 0, ஒருவர் 1, இருவர் 2, மூன்று நான்கு பேர் 3, ஐந்திலிருந்து எட்டுப் பேர் 4, அதற்கு மேல் 5. மொத்தம் 30. 12க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

பாட்டிக்குச் சொந்தத்தில் பேசுகிறவர் இருவர், மனம் விட்டுச் சொல்ல மகள் ஒருவர், அவசரத்துக்கு ஒருவருமில்லை. அயலில் பார்க்கிறவர் ஏழெட்டுப் பேர், மனம் விட்டுச் சொல்ல ஒருவருமில்லை, அவசரத்துக்கு ஒருவர். கூட்டிப் பாருங்கள்: 2, 1, 0, 4, 0, 1. மொத்தம் 8. லயம் நிறைய ஆள் இருந்தும் பேச ஆளில்லை என்பது அந்த 4க்கும் பக்கத்து 0வுக்கும் இடையில் இருக்கிறது.

இதோடு இரண்டு விஷயம் பார்க்காமல் விடக் கூடாது. ஒன்று மனச்சோர்வு. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து போனதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய விஷயம், ஊர்ப் பேச்சால் தீராது. பாட்டிக்கு 2 வந்தது. “உயிரோட இருந்து என்ன” என்று யாராவது சொன்னால் கணக்குப் பார்க்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

மற்றது காது. பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, மறு காதைப் பொத்தச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுத்தோம். வலது காதில் ஒன்றும் விளங்கவில்லை. மகளின் அழைப்பைப் பாட்டி சுருக்கமாக முடித்ததற்குக் காரணம் கோபமில்லை, கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு இளக்கிக் காதுக்குறும்பியை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மகளோடு பேச்சு நீண்டது.

அடுத்ததுதான் சமூக மருந்துச் சீட்டு. இங்கிலாந்தில் 2019 முதல் அரச வைத்திய சேவையே இதற்கென்று இணைப்பாளர்களை நாடெங்கும் நியமித்து வருகிறது. மருந்தோடு சேர்த்து, இன்ன இடத்துக்கு இன்னாரோடு போங்கள் என்று ஏற்பாடு செய்து கொடுப்பதே அவர்கள் வேலை. எல்லோருக்கும் பலிக்கும் என்று அங்கேயும் நிரூபணமாகவில்லை, ஆராய்ச்சிகள் கலந்துதான் சொல்கின்றன. நம்மிடம் நியமனமும் இல்லை, சம்பளமும் இல்லை. மாதர் கிளையில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

அவரும் நாங்களும் முதலில் பாட்டியை முதியோர் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பினோம். ஒரு தடவை போனார், கடைசி வரிசையில் இருந்து ஒன்றும் கேட்காமல் திரும்பினார். கோயில் திருவிழாவுக்குப் போகச் சொன்னோம். “தாலி அறுத்தவள் முன்னால போய் நிக்கிறதா” என்றார். அந்தப் பேச்சு நியாயமா என்பது வேறு கதை. அவருக்கு அது வலிக்கிறது, அவ்வளவுதான்.

பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: “முந்தி யாரோட பேசிச் சிரிச்சீங்க?” முப்பது வருடம் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த சிநேகிதி ஒருவர் கீழ்ப் பிரிவில் இருக்கிறாராம். ஒன்றரை மைல், படிக்கட்டு வழி. பார்த்து இரண்டு வருடம். அந்த அம்மாவுக்கும் பிறஷர், அதே டிஸ்பென்சரி, ஆனால் வேறு வியாழன்.

சீட்டில் எழுதியது நாலே வரி. இருவருக்கும் ஒரே வியாழன் என்று கிளினிக் அட்டையை மாற்றுவது. கீழ்ப் பிரிவு அம்மாவைப் படியில் கைபிடித்து ஏற்றிவர ஒரு பையன். மற்ற வியாழன்களில் பாட்டியைக் கீழே கூட்டிப்போக மாதர் கிளை இணைப்பாளர். பன்னிரண்டு வாரம் கழித்து அதே மூன்று கேள்வி.

வைத்திய உதவியாளர் முதலில் தயங்கினார், பதிவேடு குழம்பும் என்றார். இரண்டு பேர்தானே என்று பேசிச் சம்மதிக்க வைத்தோம்.

பன்னிரண்டு வாரத்தில் 8 என்பது 5 ஆனது. சும்மா வருகிற வாரங்கள் குறைந்தன. ஆனால் ஆடி மழையில் படி வழுக்கி மூன்று வாரம் போக முடியாமல், அடுத்த தடவை கேட்டபோது 7. மழைக் காலத்துக்கு வேறு வழி போட வேண்டியிருந்தது. இப்போது மழை நாளில் மாதர் கிளை இணைப்பாளர் வந்து கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுக்கிறார். இரண்டு பேரும் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசுகிறார்கள். இரவுகள் இன்னும் கஷ்டம் என்று பாட்டி சொல்கிறார். அதற்கு எங்களிடம் இன்னும் சீட்டு இல்லை.

உங்கள் தோட்டத்தில் கிளினிக் நாள் பட்டியலை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். தனியே சமைத்துச் சாப்பிடுகிறவர் யார், அவர் முந்தி யாரோடு நிரை போனார், அவருடைய அட்டையில் என்ன நாள் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.