சாயம் ஏன் வெளுக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இயற்கைச் சாயம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலு சலவையில் வெளுத்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சிலர் குறைப்படுகிறார்கள். வேறு சிலர், "செடியிலிருந்து எடுத்த சாயம் என்றாலே நிற்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. ஒரு சாயம் நிற்பதும் போவதும், அது துணியை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மஞ்சள், அவுரி, சாயவேர் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

முதலில் மஞ்சள். மஞ்சள் கிழங்கில் நிறம் தரும் பொருளுக்குக் குர்குமின் என்று பெயர். வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அதில் ஊதாவையும் நீலத்தையும் குர்குமின் விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் திரும்பி வந்து நம் கண்ணில் படுகிறது. அதைத்தான் மஞ்சள் நிறமாகப் பார்க்கிறோம்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு காரத் தன்மை உடையது. காரம் பட்டதும் குர்குமினின் அமைப்பு சற்றே மாறுகிறது. அதனால் அது விழுங்கும் வெளிச்சமும் மாறிவிடுகிறது. சோப்பும் காரம்தான். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டவுடன் கறை செங்கல் நிறமாவது இதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 100 கிராம் எடையுள்ள வெள்ளைப் பருத்தித் துணியை நன்றாக அலசிக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் மஞ்சள் தூளைக் கரைத்து, துணியை அதில் போட்டு, இளஞ்சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு எடுத்து, தூள் போகும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். துணி பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். அதை மூன்றாக வெட்டுங்கள். முதல் துண்டை அலமாரிக்குள் வையுங்கள். இரண்டாவதைப் பாதி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் வையுங்கள். மூன்றாவதைச் சோப்புப் போட்டுத் துவையுங்கள்.

சில நாள்களில் சன்னல் துண்டில் அட்டை மறைத்த இடமும் வெயில் பட்ட இடமும் கோடு போட்டது போல் தனித்தனியாகத் தெரியும். அந்தத் துண்டில் தண்ணீர் படவே இல்லை, சோப்பும் படவில்லை. வெயில்தான் குர்குமினை உடைத்துவிட்டது. துவைத்த துண்டு முதலில் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஊற்றினால் மஞ்சள் திரும்பி வரும். ஆனால் முன்பிருந்த அளவுக்கு வராது. காரத்தில் குர்குமின் நன்றாகக் கரைவதால், ஒரு பங்கு சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது. துணியின் இழையோடு மஞ்சளுக்கு உள்ள பிடிப்பு அவ்வளவு லேசானது.

நம் பெண்களுக்கு இது புதிதல்ல. தாலிக் கயிற்றுக்கு மறுபடி மறுபடி மஞ்சள் பூசுகிறார்களே, நிறம் நிற்காது என்று தெரிந்துதான் அந்த வழக்கம் நடக்கிறது.

இரண்டாவது அவுரி. இதன் கதையே வேறு. அவுரி இலை பச்சையாகத்தான் இருக்கும். இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறமற்ற ஒரு பொருள் நீருக்குள் இறங்குகிறது. அந்த நீரை வடித்து, காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீல வண்டல் அடியில் தங்கும். அதை உலர்த்தியதுதான் நீலக்கட்டி. இந்த நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்று இழைக்குள் எப்படி நுழையும்?

இங்கேதான் பழைய சாயக்காரர்களின் கைத்திறன் இருக்கிறது. தமிழ்நாட்டில் நீலத்தைத் தொட்டியில் போட்டு, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். புளிப்பில் வளரும் நுண்ணுயிர்கள் நீலத்தைக் கரையக்கூடிய வேறொரு வடிவமாக மாற்றிவிடும். அப்போது தொட்டித் தண்ணீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமாக இருக்கும். அதில் முக்கிய துணியை வெளியே எடுத்தால், கண் முன்னாலேயே பச்சை மாறி நீலமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, சாயம் மறுபடி கரையாத நீலமாகி இழையில் சிக்கிக்கொள்கிறது. ஒரு முறை முக்கினால் வெளிர் நீலம்தான் கிடைக்கும். அடர் நீலம் வேண்டுமானால் பல முறை முக்கிக் காற்றாட விட வேண்டும்.

கரையாத பொருள் என்பதால் தண்ணீரும் சோப்பும் அவுரியை எளிதில் கரைத்துக்கொண்டு போக முடியாது. அப்படியானால் ஜீன்ஸ் கால்சட்டை ஏன் முழங்காலில் வெளுக்கிறது? நீலம் நூலின் மேற்பரப்பில்தான் அதிகம் தங்குகிறது. ஜீன்ஸ் நூல் ஒன்றை உருவிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே நீலமும் நடுவே வெள்ளையும் தெரியும். உரசும் இடத்தில் மேல் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை வெளிப்படுகிறது. இன்றைய ஜீன்ஸில் இருப்பது தொழிற்சாலை நீலம். 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேதியியல்படி அதுவும் அவுரி நீலமும் ஒன்றேதான். ஆகவே இரண்டும் ஒரே விதமாகத்தான் வெளுக்கும். வெளுப்பதை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சாயவேர். சோழமண்டலக் கடற்கரையின் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்த வேர் இது. இதன் சிவப்பு, தானாகப் பருத்தியைச் சரியாகப் பிடிக்காது. இடையில் ஒரு கொக்கி வேண்டும். முதலில் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இழையில் ஏறும். அடுத்து படிகாரக் கரைசலில் நனைப்பார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியத்தைத் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். கடைசியாக வேர்ச் சாயத்தில் கொதிக்க வைக்கும்போது, அலுமினியம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். இழை, துவர்ப்பு, அலுமினியம், சாயம் என்று சங்கிலிபோல் கோத்துவிடுவதால் சலவைக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. இப்படிக் கொக்கியாக நிற்கும் பொருளைப் பாடநூல்கள் நிறமூன்றி என்கின்றன. மலாய்க்காரர்கள் மெங்குடு என்று சொல்லும் நுணா மரத்தின் வேர்ச் சிவப்பும் இதே வகைதான். ஜாவாவின் பழைய பாத்தேக் துணிகளில் அந்தச் சிவப்பைக் காணலாம்.

"அப்படியானால் மஞ்சளுக்கும் படிகாரம் போட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். போடலாம். சலவையில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வெயிலில் குர்குமினே உடைந்து போகிறது. கொக்கி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தொங்கும் பொருள் கரைந்துபோனால் என்ன பயன்?

ஆகவே துணி வாங்கும்போது, "இயற்கைச் சாயமா?" என்று மட்டும் கேட்காமல், "எந்தச் சாயம், படிகாரம் கொடுத்தார்களா?" என்றும் கேளுங்கள். வாங்கிய துணியின் ஓரத்தை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். புதிய அவுரித் துணியில் சிறிது நீலம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், மேலே தங்கிய மிச்சம்தான். சில அலசலுக்குப் பிறகும் தண்ணீரில் நீலம் நிறைய இறங்கினால், சாயமிட்டவர் சரியாக அலசவில்லை என்று பொருள்.

வீட்டில் பராமரிப்பதும் சாயத்துக்குச் சாயம் மாறும். மஞ்சள் துணிக்குக் காரம் குறைந்த சோப்பும் நிழலும் வேண்டும். அப்படியும் அது வெளுக்கும். திரும்பச் சாயமிட வேண்டியதுதான். அவுரித் துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அடித்துத் துவைக்காமல் அலசுங்கள். படிகாரமிட்ட சிவப்புத் துணியைப் புளி, எலுமிச்சை போன்ற அமிலத்தில் ஊறவைக்காதீர்கள், அமிலம் அந்த அலுமினியக் கொக்கியையே கழற்றிவிடும்.